உவர் வயலுக்கு ஜிப்சமா? பிள்ளையின் அட்டவணையில் விடுபட்ட நிரல்

*ஐயா, வவுணதீவுப் பக்கம் வாவியோரமாக இரண்டு ஏக்கர் வயல் செய்கிறேன். ஐப்பசியில் விதைத்தது, வாவிப் பக்கத்து நாலு வரவையில் முளைத்து ரெண்டு கிழமையில் நுனி வெளுத்துக் கருகிப் போச்சு. புரட்டாதியில் அந்த இடம் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. தெரிந்த ஒருவர் ஒரு பங்கு மண்ணை அஞ்சு பங்கு தண்ணியில் கலக்கி மீற்றர் வைத்துப் பார்த்தார். 0.9 காட்டியது, 4க்கு மேல் போனால்தான் உவர் என்றார். மகள் உயர்தரத்தில் விவசாய விஞ்ஞானம் படிக்கிறாள். பழைய வினாத்தாள் குறுவிடைகளை ஒப்பீட்டு அட்டவணையாக எழுதி வைத்திருக்கிறாள். அதில் உவர் மண், கார மண் இரண்டுக்கும் ஜிப்சம் என்று இருக்கு. கடைக்காரரும் ஏக்கருக்கு நாலு மூட்டை போடச் சொல்கிறார். வாங்கலாமா?*

இப்போதைக்கு வாங்க வேண்டாம். முதலில் அந்த 0.9ஐச் சரியாகப் படிப்போம். மீற்றர் காட்டுவது மின்கடத்துதிறனை, தண்ணீரில் உப்பு ஏற ஏற அதுவும் ஏறும்.

புத்தகத்தில் வரும் 4 என்ற எல்லை, மண்ணைக் குழைத்து நிரம்பலாக்கி அதிலிருந்து எடுக்கும் சாறுக்கு உரியது. உங்கள் ஆள் ஐந்து மடங்கு தண்ணீர் ஊற்றி உப்பை ஐதாக்கிவிட்டு அளந்திருக்கிறார். களி மண்ணில் அப்படி அளந்த எண்ணை ஏறக்குறைய 6 முதல் 8 வரையால் பெருக்கினால்தான் புத்தக எல்லையோடு ஒப்பிடலாம். 7ஆல் பெருக்கினால் 6.3 வரும். நெல் சுமார் 3 வரைக்கும் தாங்கும், அதற்கு மேல் ஒவ்வோர் அலகுக்கும் விளைச்சலில் 12 வீதம் அளவு குறையும் என்பது பொதுவாக எடுக்கும் கணக்கு. அப்படியானால் அந்த நாலு வரவையில் ஐந்தில் இரண்டு பங்கு விளைச்சல் போகும். அதுவும் பயிர் தப்பிப் பிழைத்தால். நெல் முளைக்கும்போது உப்பைத் தாங்கும், இரண்டு மூன்று கிழமை நாற்றாக இருக்கும்போது தாங்காது. உங்களுக்கு நடந்தது அதுதான். ஆகவே உவர் இருக்கிறது. கேள்வி அது எந்த வகை என்பதில்.

இங்கேதான் பிள்ளையின் அட்டவணைக்கு வருகிறேன். பழைய வினாத்தாள்களின் விடைகளை அருகருகே எழுதிப் படிப்பது நல்ல வேலை. ஆனால் வினாவுக்கு வினா எடுத்த விடைகளை ஒட்டும்போது, ‘பிரச்சினை மண்ணைத் திருத்தும் முறைகள்’ என்று பொதுவாகக் கேட்டதற்கு எழுதிய ஜிப்சம் இரண்டு நிரலிலும் போய் உட்கார்ந்துவிடும். ‘என்ன கெடுகிறது’ என்று ஒரு நிரை போட்டிருந்தால் அந்தப் பிழை வந்திருக்காது. மூன்றாவது நிரலும் வேண்டும். பிள்ளையிடம் இப்படி மாற்றி எழுதச் சொல்லுங்கள்:

| | உவர் மண் | கார மண் | உவர்க்கார மண் |
|---|---|---|---|
| மின்கடத்துதிறன் (டெசிசீமன்ஸ்/மீற்றர்) | 4க்கு மேல் | 4க்குக் கீழ் | 4க்கு மேல் |
| பரிமாற்ற சோடிய வீதம் | 15க்குக் கீழ் | 15க்கு மேல் | 15க்கு மேல் |
| பிஎச் | 8.5க்குக் கீழ் | 8.5க்கு மேல் | பெரும்பாலும் 8.5க்குக் கீழ் |
| என்ன கெடுகிறது | வேரால் நீரை இழுக்க முடியாது | களி கலைந்து துளைகள் அடைபடும் | முதலில் உவரின் கேடு, உப்புக் கழுவுப்பட்டால் காரத்தின் கேடு |
| திருத்தம் | வடிகால், கழுவல் | ஜிப்சம், பிறகு கழுவல் | ஜிப்சத்தோடு கழுவல் |

மின்கடத்துதிறன் 6, பிஎச் 7.8, சோடியம் 20 வீதம் என்று ஒரு வினா வந்தால், இரண்டு நிரல் மட்டும் படித்த பிள்ளை தடுமாறும். மூன்று நிரல் வைத்திருப்பவள் உடனே விடை எழுதுவாள்.

ஜிப்சம் செய்வது ஒரே வேலை. அதிலுள்ள கல்சியம், களித் துணிக்கையில் ஒட்டியிருக்கும் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் அமரும். தள்ளப்பட்ட சோடியத்தைத் தண்ணீர்தான் வெளியே கொண்டுபோக வேண்டும். களியில் சோடியம் அளவோடு இருக்கிற வெறும் உவர் மண்ணில் தள்ளுவதற்கு ஒன்றுமில்லை. ஜிப்சமும் ஓர் உப்புத்தான், அது கரைந்து இருக்கிற உப்போடு சேரும்.

வாவி உப்பு கடலில் இருந்து வருவதால் அதில் சோடியம் அதிகம். அதனால் உங்கள் வயல் மூன்றாவது நிரலுக்குள் விழவும் கூடும். அதை வீட்டிலேயே பார்க்கலாம். கருகிய வரவையில் அரை அடி ஆழத்து மண்ணைக் காயவைத்து, ஒரு கண்ணாடிப் போத்தலில் கால்வாசி போட்டு மழைத்தண்ணீர் நிரப்புங்கள். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், அதிலும் உப்பு இருக்கும். குலுக்கி ஒரு நாள் விடுங்கள். மேல்தண்ணீர் தெளிந்தால் அதை ஊற்றிவிட்டு, புது மழைத்தண்ணீர் விட்டு மறுபடி குலுக்குங்கள். இப்படி மூன்று நாலு முறை. உப்பு இருக்கும்வரை களி திரண்டு அடியில் படியும், அதனால் முதல் முறை தெளிவதை நம்பக்கூடாது. கடைசி முறையும் தெளிந்தால் வெறும் உவர். மூன்றாம் நாலாம் முறை பால்தேத்தண்ணி போலக் கலங்கி மறுநாளும் அப்படியே நின்றால், களியில் சோடியம் பிடித்திருக்கிறது. அப்போதுதான் ஜிப்சம். அதையும் மண்ணை ஆய்வுகூடத்துக்குக் கொடுத்து, ஜிப்சம் தேவை எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிய பிறகே போடுங்கள்.

நாலு மூட்டை என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? 50 கிலோ மூட்டை என்றால் 200 கிலோ. ஒரு அடி ஆழத்து மண்ணில், 100 கிராமுக்கு ஒரே ஒரு மில்லிசமவலு சோடியத்தை வெளியேற்றவே ஏக்கருக்கு ஒன்றரைத் தொன்னுக்கு மேல் ஜிப்சம் வேண்டும். உங்களுக்குத் தேவையில்லை என்றால் நாலு மூட்டையும் வீண். தேவை என்றால் நாலு மூட்டை ஏழில் ஒரு பங்கு கூட வராது. மண்ணைப் பாராமல் மூட்டைக் கணக்குச் சொல்கிறவர் தன் கடையில் இருப்பதை விற்கிறார், அவ்வளவுதான். அந்தப் பேச்சைக் கேட்டு நகையை அடகு வைத்தவர்களைப் படுவான்கரையில் நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன்.

நீங்கள் என்னிடம் கேட்டிருக்க வேண்டியது, உப்பு எப்போது எந்த வழியால் வருகிறது என்பது. வெள்ளம் வந்து முகத்துவாரம் வெட்டினால் வாவித் தண்ணீர் கடலுக்குப் போகும். மழை ஓய்ந்து வாவி வற்றும்போது அதே வாயால் கடல் உள்ளே வரும். அந்தத் தண்ணீர் உங்கள் தாழ்ந்த வரவைகளின் அடியில் நிற்கிறது. கோடை வெயிலில் அது மேலே ஏறிக் காய்ந்ததுதான் நீங்கள் பார்த்த வெள்ளைப் பூச்சு. வெள்ளை பூத்து, முதல் மழைக்கே விதைத்ததால் நாற்று நேரே உப்புக்குள் முளைத்தது.

அடுத்த மாரிக்கு வேலையை முன்னுக்குத் தள்ளுங்கள். இந்த அறுவடை முடிந்து ஈரம் இருக்கும்போதே ஒரு உழவு போட்டுவிடுங்கள். மேல்மண் உதிரியாகக் கிடந்தால் அடித்தண்ணீர் மேலே ஏறும் வழி அறும். வாவிப் பக்க வரம்பை உயர்த்தி, அதன் உள்பக்கமாக இரண்டு அடி ஆழத்தில் ஒரு வடிகான் வெட்டுங்கள். அது வாவியில் விழும் இடத்தில் பலகைக் கதவு கட்டாயம். வாவி ஏறும்போது மூடவும், இறங்கும்போது திறக்கவும் வேண்டும்.

ஐப்பசி மழை விழுந்ததும் வரவைகளில் நீரைக் கட்டி நிறுத்துங்கள். மேலால் வழியவிட்டால் பூச்சு மட்டும்தான் போகும், உப்பு மண்ணுக்குள்ளேயே இருக்கும். ஒரு அடி மண்ணுக்கூடாக ஒரு அடித் தண்ணீர் இறங்கிக் கானுக்குப் போனால், உப்பில் ஐந்தில் நாலு பங்கு அளவு போகும். கார்த்திகையில் வாவி நிறைந்துவிட்டால் கான் ஓடாது, ஆகவே இந்தக் கழுவலை அதற்கு முன்னே முடிக்க வேண்டும். போத்தல் கலங்கிய வயல் என்றால், ஜிப்சம் போடாமல் இந்தக் கழுவலைத் தொடங்காதீர்கள். உப்பு மட்டும் போய், களி கலைந்து இறுகி, தண்ணீர் இறங்காத வயலாகிவிடும்.

அந்த நாலு வரவைக்கும் விதைப்பு வேண்டாம். மேட்டில் நாற்று விட்டு, 25 நாள் தாண்டிய நாற்றை நடுங்கள். இனத்துக்கு உவர் தாங்கும் ஏ.ரி. 354ஐக் கமநல சேவை நிலையத்தில் இப்போதே சொல்லி வையுங்கள், மூன்றரை மாதப் பயிர். நடுவதற்கு முதல் நாள் மறுபடி மீற்றர் வையுங்கள். ஒன்றுக்கு ஐந்து கலவையில் 0.4க்குக் கீழே இறங்கியிருந்தால் நடலாம். இறங்கவில்லை என்றால் இன்னொரு முறை நீரைக் கட்டி, கானைத் திறந்துவிடுங்கள்.