நுகர்வோர் கேள்வி-பதில்: ஆபீஸ் இடம் மாறுகிறது, கடிதம் வருகிறதா?

கோவை ஆர்.எஸ்.புரத்தில் வருமான வரித் தாக்கல் செய்து தரும் சிறிய அலுவலகம் எங்களுடையது. ஜூன் 1 முதல் சரவணம்பட்டிக்குப் போகிறோம். போன் நம்பர், வேலை நேரம் எல்லாமே மாறுகிறது. வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் ஒரே மெயில் தட்டிவிட்டால் போதுமா?

போதாது. உங்கள் தொழிலில் ஜூன் மாதம் ரொம்பவே மோசமான நேரம். கம்பெனிகள் ஜூன் 15-க்குள் ஃபார்ம் 16 கொடுக்க வேண்டும். சம்பளக்காரர்கள் அதை வாங்கியதும் உங்களிடம்தான் ஓடி வருவார்கள். ஜூலை 31 கெடு இருக்கும்போது பூட்டிய கதவு முன்னால் ஒருவர் நின்றால் நஷ்டம் அவருக்குத்தான்.

முதலில் பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள். அசல் பத்திரமோ பேங்க் பாஸ்புக்கோ உங்கள் அலமாரியில் இருப்பவர்கள் முதல் வகை. கூரியரில் காகிதம் அனுப்பும் வெளியூர்க்காரர்கள் இரண்டாவது. மற்றவர்களெல்லாம் மூன்றாவது. பொது மெயில் எல்லாருக்கும் போகட்டும். முதல் இரண்டு வகையினருக்கு மட்டும் தனியாக இன்னொரு மெயில் அனுப்பி, 'கிடைத்தது' என்று ஒரு வரி பதில் கேளுங்கள். பதில் வராதவருக்குப் போன் செய்யுங்கள்.

பொது மெயில் இப்படி இருந்தால் போதும்:

*பொருள்: ஜூன் 1 முதல் எங்கள் அலுவலகம் சரவணம்பட்டியில் – புதிய முகவரி, போன், நேரம்*

*வணக்கம். மே 30, சனி மதியம் 1 மணி வரை ஆர்.எஸ்.புரத்தில் இருப்போம். ஜூன் 1, திங்கள் காலை 10 மணி முதல் கீழே உள்ள முகவரியில் இருப்போம். (கதவு எண், மாடி, தெரு, அடையாளம், பின்கோடு, மேப் லிங்க்.) புதிய போன்: … பழைய எண்ணுக்கு வரும் அழைப்புகள் ஆகஸ்ட் 31 வரை இந்த எண்ணுக்கே வரும். நேரம்: திங்கள் முதல் சனி வரை, காலை 10 முதல் மாலை 6 வரை. மதியம் 1:30 முதல் 2:15 வரை இடைவேளை. ஞாயிறு விடுமுறை. மே 27-க்குப் பிறகு பழைய முகவரிக்குக் கூரியர் அனுப்ப வேண்டாம். ஜூன் 1-க்குப் பிறகு புதிய முகவரிக்கு அனுப்புங்கள். எங்கள் மெயில் முகவரியும் வங்கிக் கணக்கும் மாறவில்லை.*

கூரியருக்குத் தனித் தேதி சொல்லக் காரணம், 28-ம் தேதி கிளம்பும் கவர் காலி செய்த கட்டடத்துக்குத்தான் போய்ச் சேரும். தபாலைப் பொறுத்தவரை, பழைய பகுதி தபால் நிலையத்தில் எழுதிக் கொடுத்தால் புதிய முகவரிக்குத் திருப்பி விடுவார்கள். தனியார் கூரியரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. கீழ்வீட்டுக்காரரிடமோ வாட்ச்மேனிடமோ உங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

இரண்டு வாரம் முன்பு ஒரு முறையும், ஜூன் 1 காலையில் ஒரு முறையும் அனுப்புங்கள். வாடிக்கையாளர் முகவரிகளை BCC-யில் போடுங்கள். To-வில் போட்டால் ஒருவர் முகவரி இன்னொருவருக்குத் தெரிந்துவிடும். அனுப்பிய பிறகு, போய்ச் சேராமல் திரும்பி வந்த மெயில்களைக் கட்டாயம் பாருங்கள். இந்த மாற்றம் தெரியாமல் நிற்கப் போகிறவர்கள் அவர்கள்தான். ஒவ்வொருவரையும் போனில் பிடியுங்கள்.

பழைய செல் எண்ணை மட்டும் சரண்டர் செய்துவிடாதீர்கள். சில மாதங்களில் அந்த எண் வேறொருவருக்குப் போய்விடும். உங்கள் வாடிக்கையாளர் பழக்கதோஷத்தில் அந்த எண்ணின் வாட்ஸ்அப்புக்கு பான் கார்டு நகலை அனுப்பினால் அது முகம் தெரியாதவர் கையில் இருக்கும். சேவை நிறுவனம் பிடிக்காமல் எண்ணை மாற்றுகிறீர்கள் என்றால், எண்ணை மாற்றாமலேயே நிறுவனத்தை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது.

ஒரு கம்பெனி இடம் மாறுவதாக எனக்கு அனுப்பிய மெயிலில் வேலை நேரம் 'வழக்கம்போல்' என்று போட்டிருக்கிறார்கள். சரிதானா?

தவறு. எத்தனை மணிக்குத் திறந்து எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்று எழுதச் சொல்லுங்கள்.

மாடுலர் கிச்சன் செய்யும் கம்பெனிக்கு முன்பணம் கொடுக்க இருந்தேன். 'அலுவலகம் மாறுகிறது, போன் மாறுகிறது, இனி இந்தக் கணக்கில் செலுத்தவும்' என்று மெயில் வந்தது. 45,000 ரூபாய் போட்டேன். இப்போது கம்பெனிக்காரர் 'நாங்கள் மாறவே இல்லை' என்கிறார்.

உங்களைக் குறை சொல்ல மாட்டேன். முகவரியும் போனும் நேரமும் அச்சு அசலாக அலுவலகக் கடிதம் போல் இருக்கும்போது நடுவில் வரும் கணக்கு எண்ணை யாரும் சந்தேகப்படுவதில்லை. திருடன் நம்பியிருப்பதும் அதைத்தான். உடனே 1930-க்கு அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். cybercrime.gov.in-இலும் பதியுங்கள். உங்கள் வங்கியிலும் எழுத்தில் கொடுங்கள். பணம் அந்தக் கணக்கைத் தாண்டிப் போவதற்குள் நிறுத்த வேண்டும் என்பதால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். மெயிலை அழிக்காதீர்கள்.

மற்றவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். அனுப்பியவர் பெயரைப் பார்த்து ஏமாறாமல் முழு மெயில் முகவரியை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். m இருக்க வேண்டிய இடத்தில் rn இருக்கும். புதிய எண்ணைச் சரிபார்க்க அந்த மெயிலில் உள்ள எண்ணையே அழைத்தால் திருடனிடமே கேட்பதாகிவிடும். பழைய பில்லில் உள்ள எண்ணை அழையுங்கள். பில்லில் ஜிஎஸ்டி எண் இருந்தால் gst.gov.in-இல் தேடிப் பாருங்கள். பதிவான முகவரி அங்கே தெரியும். முக்கிய வணிக இடம் மாறினால் 15 நாட்களுக்குள் அதைத் திருத்த விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. ஆனால் ஒப்புதல் வரும் வரை பழைய முகவரிதான் காட்டும். அதனால் அங்கே பழையது இருப்பதை மட்டும் வைத்து மோசடி என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

சர்வீஸ் சென்டர் மாறியது பற்றி மூன்று மெயில் அனுப்பியிருக்கிறார்கள். நான் பார்க்கவில்லை. பழைய முகவரிக்கு லேப்டாப் அனுப்பித் தொலைந்துவிட்டது. இழப்பீடு கேட்கலாமா?

அவர்களிடம் கேட்க முடியாது. மூன்று முறை சொன்னவர்கள் மீது தவறு இல்லை. கூரியர் ரசீது இருந்தால் யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார் என்று இன்றே கேளுங்கள்.

வாஷிங் மெஷின் சர்வீஸ் சென்டர் சொல்லாமல் கொள்ளாமல் இடம் மாறிவிட்டது. தேடிக் கண்டுபிடிப்பதற்குள் வாரண்டி முடிந்துவிட்டது என்கிறார்கள்.

இது என்னைக் கோபப்படுத்தும் விஷயம். நான் வாங்கிய தண்ணீர் சுத்திகரிப்பான் முதல் வருஷமே பழுதாகி, பராமரிப்பு ஒப்பந்தத்துக்கும் பணம் கட்டினேன். அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் இடம் மாறிய செய்தியைப் பொங்கல் வாழ்த்துப் படத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். படத்திலிருந்து முகவரியை நகலெடுக்கவும் முடியாது, மெயிலில் தேடினாலும் கிடைக்காது. பணம் வசூலிக்கும்போது தனி மெயில், எஸ்எம்எஸ், போன் எல்லாம் வருகிறது. இடம் மாறும்போது மட்டும் வாழ்த்து அட்டையில் ஒளிக்கிறார்கள். வாடிக்கையாளரின் மெயில் முகவரி கையில் இருந்தும் தெளிவாக ஒரு கடிதம் எழுதாத நிறுவனத்தை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். வாரண்டி முடியும் முன்பே பழுது ஏற்பட்டதற்கும் நீங்கள் தேடியதற்கும் சான்று சேருங்கள். பூட்டிய ஷட்டரின் படம், பழைய எண்ணுக்குச் செய்த அழைப்புப் பட்டியல், அனுப்பிய மெயில் எல்லாம் வேண்டும். கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்குத் தேதி போட்டு எழுதுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்திருந்தால் கட்டணம் கிடையாது. பிரச்சனை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.

இடம் மாறிய மெயில் வந்ததும் நான் செய்ய வேண்டியது என்ன?

பழைய எண்ணை அழைத்துச் சரிபாருங்கள். செல்போனில் புதிய எண்ணைப் பதிந்துகொள்ளுங்கள். உங்கள் பொருளோ பத்திரமோ அவர்களிடம் இருந்தால், அது புதிய இடத்துக்கு வந்து சேர்ந்ததா என்று மெயிலிலேயே எழுதிக் கேளுங்கள்.