இரண்டு கம்பெனி, ஒரே 75,000

கேள்வி: எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. போன செப்டம்பர் வரை கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் மாதம் 80,000 சம்பளம். அக்டோபரிலிருந்து கோயம்புத்தூரில் வேறு கம்பெனி, மாதம் 1,20,000. இரண்டு இடத்திலும் வரி பிடிக்கவில்லை. பேங்க் டெபாசிட்டில் 62,000 வட்டி சேர்ந்ததாகவும், 6,200 டி.டி.எஸ். பிடித்ததாகவும் மெசேஜ் வந்தது. அந்த டெபாசிட் 2027-ல்தான் முடிகிறது. ஊர் கூட்டுறவு வங்கியில் 28,000 வட்டி, சேவிங்ஸ் கணக்கில் 6,000. சம்பளச் சீட்டு, எல்.ஐ.சி. ரசீது, மெடிக்கல் இன்சூரன்ஸ் எல்லாம் ஒரு கவரில் வைத்திருக்கிறேன். 12 லட்சம் வரை வரி இல்லை என்கிறார்களே, அந்த 6,200-ஐத் திரும்ப வாங்கலாமா? ரிட்டர்ன் போட என்னென்ன எடுத்து வைக்க வேண்டும்?
(பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி)

பதில்: சகோதரி, 6,200 திரும்ப வராது. அதற்கு மேல் நீங்கள் 15,640 ரூபாய் கட்ட வேண்டியிருக்கும், தாமதத்துக்கான வட்டி தனி. எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால் எந்தக் காகிதம் எதற்கு என்பதும் தெளிவாகிவிடும்.

கஞ்சிக்கோடு கம்பெனி உங்கள் மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கி 9,60,000 என்று எடுத்தது. அதில் நிலையான கழிவு 75,000 போனால் 8,85,000. புதிய வரி முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரி பிடிக்கவில்லை. கோயம்புத்தூர் கம்பெனிக்கு உங்கள் பழைய சம்பளம் தெரியாது. அவர்கள் ஆறு மாதத்துக்கு 7,20,000 என்று பார்த்து, அவர்களும் ஒரு 75,000 கழித்து, அவர்களும் பிடிக்காமல் விட்டார்கள். இரண்டு பேர் கணக்கும் தனித்தனியே சரிதான். ஆனால் நிலையான கழிவு என்பது ஆளுக்கு வருடத்துக்கு ஒரு தடவை; கம்பெனிக்கு ஒன்று கிடையாது.

இரண்டு கம்பெனியும் காட்டும் வரிக்குரிய தொகையை அப்படியே கூட்டினால் 10,50,000 வரும். வட்டி 96,000 சேர்த்தால் 11,46,000. 12 லட்சத்துக்குக் கீழே இருக்கிறோம் என்று நிம்மதியாகிவிடுவீர்கள். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். சரியான கணக்கு இது: மொத்தச் சம்பளம் 12,00,000, கழிவு ஒரே ஒரு 75,000, மீதி 11,25,000. வட்டி 96,000 சேர்ந்தால் 12,21,000. எல்லையை 21,000 ரூபாய் தாண்டிவிட்டது.

தாண்டியதும் தள்ளுபடி முழுதும் போய்விடும். விகிதப்படி பார்த்தால் வரி 63,150. ஆனால் எல்லையைக் கொஞ்சமாகத் தாண்டியவர்களுக்குச் சட்டத்தில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது: 12 லட்சத்துக்கு மேலே உள்ள தொகையை விட வரி அதிகமாக இருக்கக்கூடாது. அதனால் உங்கள் வரி 21,000. அதன் மேல் 4 சதவீத செஸ் 840. ஆக 21,840. பேங்க் பிடித்த 6,200-ஐக் கழித்தால் பாக்கி 15,640. இப்படிப் பாக்கி 10,000-ஐத் தாண்டினால் அதை வருடத்துக்குள்ளேயே அட்வான்ஸ் டாக்ஸாகக் கட்டியிருக்க வேண்டும். கட்டாததற்கு, ஜூலையில் கட்டினால் ஏறக்குறைய 1,400 ரூபாய் வட்டி சேரும். அதை வரித்துறையின் இணையதளமே கணக்கிட்டுக் காட்டும்.

இனி உங்கள் கவர். சம்பளத்துக்கு ஃபார்ம் 16 போதும் என்று சொல்வார்கள். உங்களுக்கு அது கிடைக்காமலே போகலாம். வரி பிடித்த கம்பெனிதான் ஃபார்ம் 16 கொடுத்தாக வேண்டும், பிடிக்காதவர்களுக்குக் கட்டாயமில்லை. கேட்டுப் பாருங்கள், பல கம்பெனிகள் கொடுக்கும். கொடுக்காவிட்டால் சம்பளச் சீட்டுதான் ஆதாரம். பன்னிரண்டு மாதத்துச் சீட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். குறிப்பாகப் பழைய கம்பெனியின் கடைசிச் சீட்டையும், கணக்கு முடித்தபோது கொடுத்த செட்டில்மெண்ட் தாளையும் விடாதீர்கள். விடுப்புக்குக் கொடுத்த பணம், போனஸ் பாக்கி போன்றவை மாதச் சீட்டில் இருக்காது. அந்தத் தாளில்தான் இருக்கும். என் கணக்கில் அப்படி எதுவும் சேர்க்கவில்லை. இருந்தால் தொகை மாறும்.

சீட்டில் எடுக்க வேண்டியது பிடித்தம் போவதற்கு முந்தைய மொத்தச் சம்பளம். பேங்கில் வந்து விழுந்த தொகையைக் கூட்டினால் பி.எஃப். பிடித்தம் கணக்கிலிருந்து நழுவிவிடும். புதிய முறையில் உங்கள் பங்கு பி.எஃப்.புக்குக் கழிவு இல்லை.

வீடு கேரளத்தில், வேலை தமிழ்நாட்டில் என்று நம் பக்கத்து ஆட்கள் குழம்புவதுண்டு. வருமான வரி மத்திய அரசுக்குப் போவது, எல்லையின் எந்தப் பக்கம் சம்பாதித்தாலும் ஒரே ரிட்டர்ன்தான். சீட்டில் தெரியும் தொழில் வரி மட்டும் உள்ளாட்சிக்குப் போவது. அங்கே பஞ்சாயத்துக்கும் இங்கே மாநகராட்சிக்கும் பிடித்திருப்பார்கள். பழைய முறையில் அதைக் கழிக்கலாம், புதிய முறையில் முடியாது.

அடுத்தது டெபாசிட். 2027-ல்தானே பணம் கைக்கு வரும், இப்போது ஏன் வரி என்று தோன்றும். வட்டியை அசலோடு சேர்த்துக்கொண்டே போகும் டெபாசிட்டிலும் பேங்க் ஒவ்வொரு வருடத்து வட்டியையும் உங்கள் பான் எண்ணில் அந்தந்த வருடமே பதிந்து, டி.டி.எஸ். பிடிக்கிறது. ஒரு பேங்கில் எல்லாக் கிளையும் சேர்த்து வருட வட்டி 50,000-ஐத் தாண்டினால் 10 சதவீதம். பிடித்ததை இந்த வருடம் கழித்துக்கொண்டு வட்டியை 2027-ல் காட்டுகிறேன் என்றால் கணக்கு ஒட்டாது. அதனால் வருடா வருடம் காட்டிவிடுங்கள். பேங்கில் 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரைக்கான வட்டிச் சான்று கேளுங்கள். இருப்பு மட்டும் காட்டும் ஸ்டேட்மெண்ட் இதற்கு உதவாது.

கூட்டுறவு வங்கியின் 28,000-தான் எனக்குக் கவலை. அங்கே டி.டி.எஸ். பிடிக்கவில்லை. ஊர்ச் சங்கங்களின் வட்டி வரித்துறைத் தளத்தில் வராமலும் போகலாம். தளத்தில் இல்லை என்பதால் வரி இல்லை என்று ஆகாது. நேரில் போய், அதே ஏப்ரல் முதல் மார்ச் வரை என்று சொல்லி, முத்திரையோடு வட்டிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். பாஸ்புக்கில் வட்டி வரவு வைத்த வரிகளைக் குறித்து வைத்தாலும் போதும். இந்த 28,000-ஐ விட்டால் வருமானம் 11,93,000 என்று வந்து வரியே இல்லாமல் போகும். அந்த ஆசை வரும் என்பதால்தான் அழுத்திச் சொல்கிறேன், அதை மறைத்துவிடாதீர்கள். பின்னாளில் வெளியே வந்தால் வரியோடு அபராதமும் சேரும்.

சான்றுகள் கைக்கு வந்ததும் incometax.gov.in தளத்தில் நுழைந்து AIS என்ற அறிக்கையைத் திறந்து ஒப்பிடுங்கள். ஒரே 62,000 வட்டி அங்கே இரண்டு இடத்தில் தெரியலாம்: டி.டி.எஸ். பிடித்த தகவலில் ஒன்று, பேங்க் தனியாக அனுப்பிய தகவலில் ஒன்று. இரண்டையும் கூட்டி 1,24,000 என்று எழுதிவிடக் கூடாது. வட்டிச் சான்றில் உள்ளதே சரி. 6,200 உங்கள் பெயரில் வந்திருக்கிறதா என்பதை, பிடித்த வரியைக் காட்டும் 26AS அறிக்கையிலும் பாருங்கள். இல்லையென்றால் பேங்கில் உங்கள் பான் எண்ணைச் சரியாக ஏற்றியிருக்கிறார்களா என்று கேட்க வேண்டும்.

எல்.ஐ.சி. ரசீதும் மெடிக்கல் இன்சூரன்ஸும் பழைய வரி முறைக்கு மட்டும் வேண்டியவை. உங்களுக்கு அது லாபமா என்று பார்த்தேன். பி.எஃப்., எல்.ஐ.சி. சேர்த்து முழு 1,50,000, மெடிக்கல் 22,000, சேவிங்ஸ் வட்டிக்கு 6,000, தொழில் வரி என எல்லாம் கழித்தாலும் பழைய முறையில் வரி 1,37,000-ஐத் தாண்டுகிறது. உங்களுக்கு வாடகையும் வீட்டுக்கடனும் இல்லை என்று எடுத்துக்கொண்டேன். இருந்தால் மறுபடி போட்டுப் பாருங்கள், ஆனால் இவ்வளவு இடைவெளி எளிதில் நிரம்பாது. பழைய முறையே வேண்டும் என்பவர்கள் ஜூலை 31-க்குள் ரிட்டர்ன் போட்டாக வேண்டும். தாமதித்தால் புதிய முறைதான். அவர்களிடம் ரிட்டர்ன் பாலிசி எண்ணையும் இன்சூரன்ஸ் கம்பெனி பெயரையும்கூடக் கேட்கும், அதனால் ரசீதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே நிரப்ப வேண்டும். ரசீது எதையும் தளத்தில் ஏற்ற வேண்டியதில்லை.

நிரப்பும்போது ஐ.டி.ஆர். 1 படிவம் உங்களுக்குப் பொருந்தும். ஊரில் தென்னந்தோப்பு உங்கள் பெயரில் இருந்து விவசாய வருமானம் 5,000-ஐத் தாண்டினால் மட்டும் ஐ.டி.ஆர். 2 போட வேண்டும். தளம் முன்கூட்டியே நிரப்பித் தரும் சம்பளத்தில் இரண்டு கம்பெனியும் இருக்கின்றனவா, மொத்தம் 12,00,000 வருகிறதா, கழிவு 75,000 ஒரு தடவைதானா என்று பாருங்கள். ஒரு கம்பெனி விடுபட்டிருந்தால் சீட்டைப் பார்த்து நீங்களே சேர்க்கலாம். சேவிங்ஸ் வட்டி 6,000-ஐ Interest from Savings Account என்ற வரியிலும், மற்ற 90,000-ஐ Interest from Deposit என்று தொடங்கும் வரியிலும் போடுங்கள்.

பாக்கியை e-Pay Tax பகுதியில் கட்டும்போது Assessment Year 2026-27, Self-Assessment Tax (300) என்று தேர்ந்தெடுக்க வேண்டும். வருடத்தை மாற்றிப் போட்டுவிட்டால் பணம் வேறு கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதை மாற்றுவது பெரும்பாடு. பணம் கட்டிய செலான் விவரம் ரிட்டர்னில் ஏறிய பிறகே சமர்ப்பியுங்கள்.

கோயம்புத்தூர் கம்பெனியில் சேர்ந்தபோதே பழைய சம்பளத்தை ஃபார்ம் 12பி-யில் எழுதிக் கொடுத்திருந்தால் அவர்கள் மொத்தத்தையும் சேர்த்துப் பார்த்திருப்பார்கள். இந்த வருடம் ஒரே கம்பெனிதான் என்றாலும் மாதம் 1,20,000 என்றால் வருடச் சம்பளமே 14,40,000. மாதா மாதம் வரி பிடிக்கத் தொடங்கியிருப்பார்கள். டெபாசிட் வட்டியையும் இப்போதே கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் அதற்கான வரியும் சம்பளத்திலேயே போய்விடும்.

ரிட்டர்ன் அனுப்பிய 30 நாளுக்குள் ஆதார் ஓ.டி.பி. போன்ற ஒரு வழியில் உறுதி செய்யாவிட்டால் அனுப்பியது கணக்கில் சேராது. வேலை மாறும்போது கம்பெனி சிம்மைத் திருப்பிக் கொடுத்திருந்தால், ஆதாரில் எந்த நம்பர் இருக்கிறது என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள். நம்பர் மாற்ற வேண்டியிருந்தால், அது ஏறச் சில நாள் ஆகலாம்.