201-ஆவது யூனிட்டில் கட்டணம் ஏன் எகிறுகிறது?

கேள்வி: முதல் 100 யூனிட்டுக்கு தலா 2, 101–200க்கு 3, 201–400க்கு 5, அதற்கு மேல் 7. எக்செலில் IF போட்டுக் கணக்கிட்டேன். 200 யூனிட்டுக்கு 600 வருகிறது. 201க்கு 1005 வருகிறது. எங்கே தவறு?

பதில்: உங்கள் IF, மொத்த யூனிட் எந்த ஸ்லாபில் விழுகிறது என்று பார்த்து, எல்லா யூனிட்டையும் அந்த விகிதத்தால் பெருக்கிவிடுகிறது. ஸ்லாப் முறையில் ஒவ்வொரு விகிதமும் அதன் வரம்புக்குள் விழும் யூனிட்டுகளுக்கு மட்டுமே உரியது. 201-ஆவது யூனிட்டுக்கு 5 என்றால், அந்த ஒரு யூனிட்டுக்குத்தான் 5; முந்தைய 200 யூனிட்டின் கணக்கு மாறாது.

250 யூனிட்டைப் பிரித்துப் பாருங்கள். முதல் 100க்கு 200, அடுத்த 100க்கு 300, மிச்சம் 50க்கு 250. மொத்தம் 750.

கையால் பிரிக்கும்போது பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. "101–200" என்று இருப்பதால் 200-லிருந்து 101-ஐக் கழித்து 99 என்று எழுதிவிடுவார்கள். அதேபோல 250-லிருந்து 201-ஐக் கழித்து 49. மொத்தம் 742 ஆகி, 8 குறையும். பிரித்த யூனிட்டுகளைக் கூட்டிப் பார்த்தால் பிழை உடனே தெரியும்: 100 + 99 + 49 = 248. கழிக்க வேண்டியது முந்தைய ஸ்லாபின் மேல் வரம்பை, அதாவது 100-ஐயும் 200-ஐயும்.

எக்செலில் IF அடுக்கே வேண்டாம். எல்லா யூனிட்டுக்கும் முதலில் 2 போடுங்கள். பிறகு ஒவ்வொரு வரம்பையும் தாண்டிய யூனிட்டுகளுக்கு, விகிதம் எவ்வளவு கூடியதோ அந்த வித்தியாசத்தை மட்டும் சேருங்கள். 2-லிருந்து 3க்கு 1. 3-லிருந்து 5க்கு 2. 5-லிருந்து 7க்கு 2. யூனிட் A2-இல் இருந்தால்:

```
=A2*2+MAX(0,A2-100)*1+MAX(0,A2-200)*2+MAX(0,A2-400)*2
```

250க்கு 500 + 150 + 100 + 0 = 750, அதே விடை. வரம்பைத் தாண்டாதபோது கழித்தல் எதிர்மறையாகும். அதைச் சுழியாக்கத்தான் MAX. அதை விட்டுவிட்டால் குறைந்த யூனிட்டுகளுக்குக் கட்டணம் தவறாகக் குறையும்.

சரிபார்க்க 100, 101, 200, 201, 400, 401 ஆகியவற்றைப் போடுங்கள். 200க்கு 500, 201க்கு 505 வரவேண்டும். வரம்பைத் தாண்டும் யூனிட், புது விகிதத்தின் அளவுக்கு மட்டுமே தொகையைக் கூட்ட வேண்டும்.

இனி பில்லின் காலத்தைக் கவனியுங்கள். ஸ்லாப் மாதக் கணக்கில் இருந்து, பில் இரண்டு மாதத்துக்கு வந்தால், வரம்புகள் 200, 400, 800 ஆக இரட்டிக்கும். 500 யூனிட்டுக்கு 1500தான் சரி. மாத வரம்பையே போட்டால் 2200 காட்டும். நிலைக்கட்டணம் இருந்தால் கடைசியில் தனியாகக் கூட்டுங்கள், ஸ்லாபுக்குள் கலக்காதீர்கள்.

சில கட்டண அட்டவணைகளில் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் எல்லா யூனிட்டுக்கும் உயர்ந்த விகிதமே என்று விதி இருக்கும். உங்கள் அட்டவணையில் அப்படி எழுதியிருந்தால், அந்த அளவுக்கு மேல் இந்தச் சூத்திரம் பொருந்தாது. அங்கே உங்கள் பழைய IF-தான் சரி.