ஆறு டெலிவரி வேன், ஒரே ஆர்டர்: கேள்வி பதில்

கேள்வி: ஆறு வேன் எடுக்கிறோம். ஒரு வண்டிக்கு விலை படிந்த பிறகு ‘மொத்தம் ஆறு’ என்று சொன்னால் இன்னும் குறைப்பார்கள்தானே?

பதில்: முதலிலேயே சொல்லிவிடுங்கள். தள்ளுபடி இரண்டு பைகளிலிருந்து வருகிறது. ஒன்று டீலரின் லாபம். மற்றொன்று, கம்பெனிப் பெயரில் பல வண்டி எடுப்பவர்களுக்கு தயாரிப்பாளர் தருவது. இரண்டாவதற்கு உங்கள் கம்பெனி ஆவணங்களை வைத்து டீலர் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும். பில் போட்ட பிறகு கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது.

மூன்று டீலர்களிடம் அதே வேரியண்ட்டுக்கு எழுத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். வண்டி விலை, இரண்டு தள்ளுபடிகள், பதிவு, இன்ஷூரன்ஸ், ஆக்சஸரீஸ் எல்லாம் தனித்தனி வரியில் இருக்கட்டும். வண்டி விலை 100 என்று வையுங்கள். ஒருவர் 6 குறைத்து, இன்ஷூரன்ஸுக்கும் ஆக்சஸரீஸுக்கும் 9 போடுகிறார்: 103. இன்னொருவர் 4 தான் குறைக்கிறார், அதற்கு 5 போடுகிறார்: 101. அதிகம் குறைத்தவரிடம் போனால் ஆறு வண்டிக்கு 12 நஷ்டம். ‘இலவச’ சீட் கவர், மேட் எல்லாம் பேச்சைத் திசைதிருப்பத்தான்.

கேள்வி: ஆறையும் ஒன்றாக எடுத்து, ஐந்து வருடத்தில் ஒன்றாக மாற்றினால் கணக்கு சுலபம். அப்படித்தானே செய்ய வேண்டும்?

பதில்: ஒன்றாக எடுப்பது சரி, ஒன்றாக மாற்றுவது சரியில்லை. ஆறுக்கும் டயரும் கிளட்சும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தேயும், பழைய வண்டிகளும் ஒரே வாரத்தில் சந்தைக்குப் போகும். மொத்தமாக வாங்குபவர் அடிமாட்டு விலைதான் கேட்பார். நீண்ட ரூட்டில் ஓடிய இரண்டை 4-ஆம் வருடம் விற்றுவிட்டு, அடுத்த இரண்டை 5-இலும் மீதியை 6-இலும் மாற்றுங்கள். வாங்கும்போதே, சலுகை விலையில் எடுத்ததை இத்தனை மாதம் விற்கக்கூடாது என்ற நிபந்தனை உண்டா என்று பாருங்கள்.

கேள்வி: என்னிடம் ஒரே ஒரு கார், ஏழு வருடம் ஆச்சு. விற்கலாமா?

பதில்: மொத்தத் தள்ளுபடி உங்களுக்குப் பொருந்தாது, ஆனால் மாற்றும் கணக்கு அதேதான். ஒவ்வொரு வருடமும் குறைந்த மதிப்பையும் ரிப்பேர் செலவையும் கூட்டுங்கள்; அடுத்த வருடத் தொகை இதுவரையான சராசரியைத் தாண்டும்போல் இருந்தால் மாற்றுங்கள். உதாரணத்துக்கு 100-க்கு வாங்கிய வண்டிக்கு வருடவாரியாக 23, 16, 14, 14, 13 என்றால் ஐந்து வருடச் சராசரி 16. ஆறாவது வருடம் கியர்பாக்ஸ் வேலை வந்து 18 ஆகும்போல் இருந்தால், ஐந்தின் முடிவிலேயே விற்பது லாபம். உங்கள் எண்களைப் போடாமல் ஏழு என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

கேள்வி: இரண்டு இரண்டாக மாற்றினால் அடுத்த முறை மொத்தத் தள்ளுபடி போய்விடுமே?

பதில்: குறையலாம். மூன்று வருடத்தில் ஆறு எடுப்போம் என்று எழுதிக்கொடுத்தால் சில டீலர்கள் அதே விகிதம் தருவார்கள், ஆனால் விலை உயர்ந்தால் யார் தாங்குவது என்பதில்தான் பேச்சு நிற்கும். சலுகையின் விகிதத்தை எழுத்தில் வாங்கலாம், வருங்கால விலையை எழுதித்தர ஒப்புக்கொள்பவர் அரிது.