தட்டில் எவ்வளவு என்பதை இப்போதைக்கு நீங்களே முடிவு செய்யுங்கள்

"என் மகளுக்கு 15 வயது. எட்டு மாதத்தில் 9 கிலோ குறைந்துவிட்டாள். மாதவிலக்கும் நின்றுவிட்டது. எடை ஏறிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டையே ஒதுக்கும் அனோரெக்ஸியா நோய் என்று சொல்லி, குடும்பம் சார்ந்த சிகிச்சைக்கு அனுப்பியிருக்கிறார்கள். சாப்பாட்டுப் பொறுப்பை நாங்களே எடுக்க வேண்டுமாம். இவ்வளவு பெரிய பெண்ணுக்கு ஊட்டிவிடச் சொல்கிறார்களா, டாக்டர்? கட்டாயப்படுத்தினால் எங்களையே வெறுத்துவிட மாட்டாளா?"
– ஒரு தாய், திருச்சி

ஊட்டிவிட வேண்டாம். வாயைப் பிடித்துத் திணிப்பது இந்தச் சிகிச்சையில் கிடையவே கிடையாது. என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்ற மூன்று முடிவுகளை மட்டும் அவளிடமிருந்து வாங்கிக்கொள்கிறீர்கள். டைபாய்டு வந்த பிள்ளையிடம் "மாத்திரை போட்டுக்கொள்கிறாயா?" என்று யாரும் அனுமதி கேட்பதில்லை. இங்கே மாத்திரையின் இடத்தில் சாப்பாடு இருக்கிறது.

முதலில் மனம் மாறட்டும், பிறகு சாப்பிடுவாள் என்று காத்திருப்பதுதான் பெற்றோர் வழக்கமாகச் செய்யும் தவறு. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 36 ஆண்கள் தாமாக முன்வந்து சுமார் ஆறு மாதம் அரைப்பட்டினி இருந்தார்கள். எடை குறையக் குறைய எரிந்து விழுந்தார்கள், ஒதுங்கிப்போனார்கள், ஒரு தட்டுச் சாப்பாட்டை மணிக்கணக்கில் அளைந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அனோரெக்ஸியா இல்லை, வெறும் பட்டினிதான். உங்கள் மகளிடம் நீங்கள் பிடிவாதம் என்று நினைப்பதில் பாதி இதுதான். உடம்பு தேறாமல் அது போகாது.

ஆரம்பிக்கும் முன் ஒரு எச்சரிக்கை. விழித்திருக்கும்போது நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 50க்குக் கீழே போனாலோ, எழுந்து நின்றதும் மயங்கினாலோ, வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள், ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். நெடுநாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எவ்வளவில் தொடங்குவது, எந்த வேகத்தில் கூட்டுவது என்பதை ரத்தப் பரிசோதனை பார்த்து மருத்துவர் சொல்லட்டும்.

இரண்டாவது சந்திப்பில் வீட்டுச் சாப்பாட்டைக் கட்டி எடுத்துவரச் சொல்வார்கள். என்னிடம் வந்த ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றி. பெண்ணுக்குச் சின்ன டப்பாவில் ஒன்றரை இட்லி, மற்றவர்களுக்குப் பொங்கலும் வடையும். "அவள் சாப்பிடுவதைத்தானே கொண்டுவர முடியும்?" என்றார் அம்மா. பட்டினி கிடக்கும் பிள்ளைக்கு நீங்களாக என்ன வைப்பீர்கள் என்று கேட்டேன். அப்பா தன் டப்பாவிலிருந்து பொங்கலை எடுத்து அவள் தட்டில் வைத்தார். அவள் நெய்யைக் கைக்குட்டையில் ஒற்றினாள், அழுதாள், எழுந்து போகப் பார்த்தாள். அம்மா, "இதில் எத்தனை கலோரி தெரியுமா..." என்று ஆரம்பித்ததும் நான் தடுத்தேன். கலோரி வாதத்தில் அந்த நோயை யாரும் ஜெயித்ததில்லை. இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஒரே வாக்கியத்தை, குரல் உயர்த்தாமல் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னேன்: "கஷ்டம்தான்மா, தெரியும். இன்னும் ஒரு வாய்." அவள் நினைத்துவந்ததைவிட ஒரு வாய் கூடுதலாகப் போக வேண்டும், அன்றைய இலக்கு அவ்வளவுதான். நாற்பது நிமிடம் ஆயிற்று, மூன்று வாய் போயிற்று.

அவர்கள் வீட்டில் இந்த முயற்சி கெட்டது பாட்டியால். "பாவம், விடுங்கடி" என்று அவர் தட்டை எடுத்துப்போய்விடுவார். பெரியவர்களுக்குள் ஒரு விரிசல் இருந்தால் நோய் அங்கேதான் நுழையும். அப்பா மூன்று வாரம் லீவு போட்டார், பாட்டிக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு பேத்தியோடு தாயம் ஆடும் வேலை தரப்பட்டது. தம்பிக்கும் அதே மாதிரி வேலைதான். அக்காவுக்குத் துணையாக இருக்கலாம், வேவு பார்க்கக் கூடாது.

வாராவாரம் எடை பார்ப்பார்கள். அதற்கு முன் வயிறு நிறையத் தண்ணீர் குடிக்கிறாளா, உடையில் கனமாக எதையாவது மறைக்கிறாளா என்று கவனியுங்கள். முதல் நான்கு வாரத்தில் 2 கிலோவுக்குச் சற்று மேல் ஏறினால் நல்ல அறிகுறி. ஏறாவிட்டால் அடுத்த மாதம் வரை பொறுக்காமல் வழிமுறையை மாற்றுவதைப் பற்றிக் கேளுங்கள். எல்லோருக்கும் இது பலிப்பதில்லை. 2010இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சிகிச்சை முடிந்து ஓராண்டு கழித்துப் பார்த்தபோது ஏறக்குறைய பாதிப் பேர்தான் முழுமையாகத் தேறியிருந்தார்கள். குடும்பம் இல்லாமல் தனியாகப் பேசும் சிகிச்சை பெற்றவர்களில் அது கால்வாசிக்கும் குறைவு.

வெறுப்பாளா என்றால், கத்துவாள், சில நாள் பேசமாட்டாள். அதை நோயின் குரலாக எடுத்துக்கொள்ளுங்கள், பதிலுக்குக் குத்திக்காட்டாதீர்கள். பெற்றோரின் குத்தல் பேச்சு இந்தச் சிகிச்சையைக் கெடுக்கும்.

இந்தப் பொறுப்பு நிரந்தரமல்ல. மொத்தச் சிகிச்சையே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரைதான். எடை நன்றாக ஏறி, சண்டையில்லாமல் சாப்பிடத் தொடங்கியதும் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுங்கள். முதலில் சாயங்கால டிபனை அவளே எடுத்துக்கொள்ளட்டும், பிறகு பள்ளியில் மதியச் சாப்பாடு. எடை சரிந்தால், திட்டாமல், அந்த ஒரு வேளையை மட்டும் மறுபடி நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.