'இப்போதைக்கு வேண்டாம்' வேண்டாம்

அன்புள்ள சார்,

ஆறு வருடமாக ஆட்டோமேஷன் டெஸ்டிங்கில் இருக்கிறேன். ஒரு ரெக்ரூட்டர் மேனுவல் டெஸ்டிங் லீட் வேலைக்கு லிங்க்ட்இன்னில் எழுதியிருக்கிறார். எனக்கு அதில் துளியும் விருப்பமில்லை. ஆனால் நாளைக்கு நல்ல வேலை வந்தால் அவர் என்னை மறந்துவிடக் கூடாது. பதிலே போடாமல் விடலாமா, 'இப்போதைக்கு வேண்டாம்' என்று சொல்லலாமா?

கே.

அன்புள்ள கே.,

பதில் போடுங்கள். வந்தது இன்மெயில், அதாவது தொடர்பில் இல்லாதவருக்கு லிங்க்ட்இன்னில் கிரெடிட் செலவழித்து அனுப்பும் செய்தி என்றால், உங்கள் மறுப்பும் அவருக்கு லாபம்தான். ஒவ்வொரு இன்மெயிலுக்கும் அவருக்கு ஒரு கிரெடிட் செலவாகிறது. 90 நாளுக்குள் நீங்கள் மறுத்துச் சொன்னாலும் அது அவருக்குத் திரும்பிவிடும்.

ஆனால் 'இப்போதைக்கு' என்ற சொல் ஆகாது. நான் ஒருமுறை ஒரு ரெக்ரூட்டருக்கு அப்படி எழுதி மாட்டிக்கொண்டேன். சம்பளத்துக்குப் பேரம் பேசுகிறேன் என்று நினைத்து, இரண்டு வாரம் கழித்து அதே வேலையைக் கொஞ்சம் கூடுதல் தொகையோடு கொண்டுவந்தார். மறுபடி மறுத்தபோது அவருக்குச் சலிப்பு. தப்பு என்னுடையதுதான். வேலையே பிடிக்கவில்லை என்பதை நான் சொல்லவே இல்லையே.

உங்கள் ரெக்ரூட்டர் உங்களை ஞாபகம் வைத்திருப்பார் என்றும் நம்ப வேண்டாம். உங்கள் பெயருக்கு நேரே தன் மென்பொருளில் ஒரு குறிப்புப் போடுவார். அடுத்த வேலைக்கு ஆள் பார்க்கும்போது சொல் கொடுத்துத் தேடுவார். அந்தச் சொல்லை நீங்களே எடுத்துக் கொடுத்துவிடுங்கள்:

"வணக்கம். எழுதியதற்கு நன்றி. மேனுவல் டெஸ்டிங்குக்குத் திரும்பும் எண்ணம் இல்லாததால் இந்த வேலை எனக்கு வேண்டாம். செலீனியம், ஜாவா, ஏபிஐ டெஸ்டிங் உள்ள ஆட்டோமேஷன் லீட் வேலை வந்தால் அவசியம் எழுதுங்கள். என் நோட்டீஸ் பீரியட் இரண்டு மாதம்."

இவ்வளவு போதும். சம்பளத்தை எழுதவில்லை, கவனித்தீர்களா? வேண்டாத வேலைக்கு அந்தப் பேச்சு எதற்கு?

உடனே, "ரெஸ்யூமை அனுப்புங்கள், ஃபைலில் இருக்கட்டும்" என்பார். கம்பெனியின் சொந்த ஹெச்.ஆர். என்றால் தாராளமாக அனுப்பலாம். ஏஜென்சி என்றால் யோசியுங்கள். உங்களைக் கேட்காமலே அது ஏதாவது ஒரு கம்பெனிக்குப் போய்விடலாம். பின்னால் அதே கம்பெனிக்கு நீங்கள் நேரடியாக விண்ணப்பித்தால், உங்களைக் கொண்டுவந்தது நாங்கள்தான் என்று ஏஜென்சி கமிஷன் கேட்கும். இந்தத் தகராறே வேண்டாம் என்று கம்பெனி உங்களை ஒதுக்கிவிடவும் கூடும். எனவே, "எந்தக் கம்பெனிக்கு அனுப்பினாலும் முதலில் என்னைக் கேளுங்கள்" என்று எழுதி, அவர் சரி என்ற பிறகு அனுப்புங்கள்.

மேனுவல் டெஸ்டிங்கில் வேலை தேடும் நண்பர் இருந்தால் அவர் பெயரைச் சொல்லலாம், ரெக்ரூட்டரும் உங்களை மறக்க மாட்டார். ஆனால் நண்பரைக் கேட்காமல் நம்பர் கொடுத்துவிடாதீர்கள். அவருடைய மேனேஜருக்கும் இதே ரெக்ரூட்டர் பழக்கமாக இருக்கலாம்.