வேதியியல் ஆய்வகப் புட்டியில் இருக்கும் படமும் சிங்கில் போகக் கூடாத கழிவும்: சில கேள்விகள்

நைட்ரிக் அமிலப் புட்டியில் தீச்சுவாலைப் படம் இருக்கிறது. அமிலம் எப்படி எரியும்?

கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள், சுவாலைக்குக் கீழே ஒரு வட்டம் இருக்கும். வெறும் சுவாலை என்றால் அந்தப் பொருளே தீப்பிடிக்கும், எத்தனால், அசிட்டோன் மாதிரி. வட்டத்தின் மேல் சுவாலை என்றால் அது ஆக்சிஜனேற்றி. தான் எரியாது, பக்கத்தில் இருப்பதை எரிய வைக்கும். நைட்ரிக் அமிலம், பெர்மாங்கனேட், டைகுரோமேட் எல்லாம் இந்த வகை. அதனால் இரண்டு சுவாலைகளையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள், கழிவு கேனில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். நைட்ரிக் அமிலக் கழிவில் ஆல்கஹாலை ஊற்றி மூடிவிட்டால் உள்ளே வாயு சேர்ந்து, யாரும் தொடாமலேயே புட்டி வெடிக்கலாம்.

பழைய புட்டியில் ஆரஞ்சு சதுரத்தில் பெருக்கல் குறி போட்டிருக்கிறது. அது என்ன?

பழைய ஐரோப்பிய முறை. தீங்கு அல்லது எரிச்சல் தரும் என்று அர்த்தம். இப்போது வருபவை சிவப்பு ஓரம் போட்ட சாய்சதுரங்கள்.

டைட்ரேஷன் முடிந்து மீந்த அமிலத்தை சிங்கில் ஊற்றலாமா?

நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்றால் நடுநிலையாக்கிவிட்டு ஊற்றலாம். 0.1 மோலார் கரைசல் 2 லிட்டர் மீந்தால் சுமார் 17 கிராம் சமையல் சோடா போதும். பெரிய பக்கெட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், மொத்தமாகக் கொட்டினால் நுரை பொங்கி வெளியே வரும். நுரைப்பது நின்றதும் லிட்மஸ் தாளில் பார்த்துவிட்டு, நிறைய தண்ணீரோடு விடுங்கள். ஆனால் டைகுரோமேட், ஈயம், பேரியம் கலந்த எதையும் இப்படி விடக் கூடாது. பெயர், தேதி எழுதிய பிளாஸ்டிக் கேனில் தனியாகச் சேர்த்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி உள்ள நிறுவனத்திடம்தான் கொடுக்க வேண்டும்.

டாலன்ஸ் கரைசல் மீதியை அடுத்த பேட்சுக்கு வைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். இந்தப் பட்டியலில் எனக்கு உண்மையிலேயே பயம் தருவது இதுதான். கரைசலைத் தயாரிக்கும் வெள்ளி நைட்ரேட் புட்டியில் இருக்கும் படங்கள் எதுவும் இதைச் சொல்லாது, ஏனென்றால் ஆபத்து பிறகு நம் கையில்தான் உருவாகிறது. அம்மோனியா சேர்ந்த வெள்ளிக் கரைசல் நின்றால், அதில் வெள்ளி நைட்ரைடு போன்ற கருப்புப் படிவு உண்டாகலாம், லேசாக அசைத்தாலே வெடிக்கக் கூடியது. எனவே தேவையான அளவு மட்டும், சோதனைக்குச் சற்று முன் தயாரியுங்கள். வகுப்பு முடிந்ததும் மீதியில் நீர்த்த நைட்ரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக, லிட்மஸ் சிவக்கும் வரை சேர்த்து, அப்புறம் உப்புக் கரைசல் விட்டால் வெள்ளி குளோரைடு வெள்ளையாகப் படியும். வடிகட்டி, வெள்ளிக் கழிவு என்று எழுதிய புட்டியில் போடுங்கள். வெள்ளி கண்ணாடி போலப் படிந்த சோதனைக் குழாயையும் அன்றே நைட்ரிக் அமிலத்தால் கழுவுங்கள்.

அலமாரியில் போன வருடத்து டாலன்ஸ் புட்டி ஒன்று இருக்கிறது, அடியில் கருப்பாக ஏதோ!

தொடாதீர்கள், மூடியைத் திருகாதீர்கள், அமிலமும் விடாதீர்கள். மாணவர்களை வெளியேற்றி, அறையைப் பூட்டிவிட்டு தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள்.